வெயிலும் அம்மாவின் மூத்திரக் குளிசையும்

கேள்வி: "அம்மாவுக்கு பிரஷர். கிளினிக்ல மூத்திரம் போற குளிசையும் குடுத்திருக்காங்க. இந்த வெயிலுக்கு மலைக்குக் கொழுந்து பறிக்கப் போனா தலை சுத்துதாம், ஒருநாள் விழவும் போய்ட்டாங்க. குளிசைய நிப்பாட்டலாமா? நான் கொழும்புல வேலை, போன்லதான் கேக்க முடியுது."

நீங்களாக நிப்பாட்ட வேணாம். அதுக்காக அடுத்த கிளினிக் தேதி வரைக்கும் காத்திருக்கவும் வேணாம். இந்த வாரத்துக்குள்ளே அம்மாவைக் கூட்டிட்டுப் போய், படுக்க வைச்சு ஒரு தடவையும் நிக்க வைச்சு ஒரு தடவையும் பிரஷர் பார்க்கச் சொல்லுங்க. ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, டொக்டர்கிட்ட காட்டாம நானே முடிவு பண்ணி என் அம்மாவை ஆஸ்பத்திரியில் படுக்க வைச்சிருக்கேன்.

நான் 19 வருஷமா அரசாங்க ஆஸ்பத்திரியில் தாதி. டொக்டர் இல்லை. அதனால கீழே வர்ற அளவுகள் எல்லாம் என் அம்மாவுக்கு டொக்டர் சொன்னவை. உங்க அம்மாவுக்கு வேற மாதிரி இருக்கலாம். "தாதி எப்படி மருந்து பத்திப் பேசலாம்"னு எழுத வர்றவங்க முழுசா வாசிச்சிட்டு எழுதுங்க.

இன்னொன்றையும் சொல்லிடுறேன். மலைநாடு குளிர் பிரதேசம், அங்கே என்ன வெயில்னு கேக்கிறவங்களுக்கு நுவரெலியா மட்டும்தான் தெரியும். எங்க வீடு ஊவாவில, பசறைப் பக்கம். ஆடி, ஆவணியில் தென்மேற்கு மழை மேற்கு மலைகளிலேயே கொட்டித் தீர்ந்துடும். அதுக்கப்புறம் காய்ஞ்சு போன காத்துதான் எங்க பக்கம் இறங்கும். ஊவாத் தேயிலைக்கு வாசம் குடுக்கிறதும் அதே காத்துதான். அந்தக் காத்துல வேர்வை துணியை நனைக்கிறதுக்கு முன்னாடியே காய்ஞ்சிடும். அம்மாகிட்ட கேட்டா "வேர்க்கவே இல்லையே"ம்பாங்க. ஆனா கூடைக் கயிறு தலையில் படுற இடத்துல மடிச்சு வைக்கிற துணியை விரிச்சுப் பார்த்தா, ஓரமெல்லாம் வெள்ளை வெள்ளையா உப்புப் பூத்திருக்கும். உடம்பிலிருந்து எவ்வளவு போயிருக்குன்னு அந்தத் துணிதான் சொல்லும்.

அம்மாவுக்கு அப்போ 57 வயசு. லோசார்டன்ங்கிற பிரஷர் குளிசை 50 மில்லிகிராம், கூடவே எச்.சி.டி.ன்னு நாங்க சொல்ற ஹைட்ரோகுளோரோதயசைட் 25 மில்லிகிராம். உங்க அம்மாவுக்கும் அநேகமா இந்த எச்.சி.டி.தான் இருக்கும். மாசா மாசம் கிளினிக்கில் 122/76, 118/74ன்னு எழுதி, "நல்லா இருக்கு, அதே மருந்து"ன்னு அனுப்பிடுவாங்க. அந்தக் கணக்கு பொய் இல்லை. ஆனா கிளினிக் நாளில் அம்மா மலைக்குப் போகலை. காலையில் போய் நிழலில் வாங்கில் ரெண்டு மணித்தியாலம் உட்கார்ந்திருக்காங்க. உட்கார வைச்சே பார்க்கிறாங்க. மலையில் மத்தியானம் நிமிரும்போது பிரஷர் என்னவா இருக்குன்னு அது சொல்லாது.

முதல் தடவை தலை சுத்தினப்போ, "காது நரம்பா இருக்கும், மெதுவா எழும்புங்கம்மா"ன்னு போன்ல சொன்னேன். ரெண்டாவது தடவை கொழுந்து நிறுக்கிற இடத்துல குனிஞ்சு கூடையை இறக்கிட்டு நிமிரும்போது கண் இருட்டி விழுந்துட்டாங்க. சுத்தி நின்னவங்க பாசத்துல அம்மாவைத் தூக்கி நிறுத்திப் பிடிச்சு விசிறியிருக்காங்க. அப்படி நிறுத்தக் கூடாது. தட்டையாப் படுக்க வைச்சு, காலை ஒரு கூடை உயரத்துக்குத் தூக்கி வைச்சா, தலைக்கு இரத்தம் தானா வரும்.

லீவு போட்டு வீட்டுக்குப் போய், அம்மா மலையால வந்த கையோடு பார்த்தேன். அஞ்சு நிமிஷம் படுக்க வைச்சுப் பார்த்தப்போ 126/74. எழும்பி நின்னு ஒரு நிமிஷத்துல 98/60. மூணாவது நிமிஷத்துலயும் 100/62. எழும்பி நின்னு மூணு நிமிஷத்துக்குள் மேல் கணக்கு 20 அல்லது கீழ் கணக்கு 10 இறங்கினாலே அது கவனிக்க வேண்டிய விஷயம். அம்மாவுக்கு மேல் கணக்கு 28 இறங்கியிருந்துச்சு.

காரணம் இதுதான். அந்தக் குளிசை சிறுநீரகத்தால உப்பையும் தண்ணியையும் வெளியே தள்ளுது. வேர்வையும் அதையேதான் செய்யுது. சூட்டுக்குத் தோல் பக்கத்து இரத்தக் குழாய்கள் வேற விரிஞ்சு கொடுக்குது. இருக்கிற கொஞ்ச இரத்தமும் நிக்கும்போது காலுக்கு இறங்கிடுது. மழைக் காலத்துல சரியா இருந்த அதே அளவு, வெயில் காலத்துல அதிகமாயிடும்.

வீட்டுக்குப் போய் பிரஷர் பார்த்தது சரி. அடுத்து செஞ்சதுதான் பிழை. தண்ணி பத்தலைன்னு முடிவு பண்ணி, ஒன்றரை லீட்டர் போத்தல் ரெண்டு வாங்கிக் குடுத்து, "ரெண்டையும் முடிச்சிட்டுத்தான் படுக்கணும்"னு சொல்லிட்டு வேலைக்குத் திரும்பினேன். அம்மா சொன்னபடி குடிச்சாங்க. சாப்பாடு மட்டும் குறைஞ்சுபோச்சு, வயிறு முழுக்கத் தண்ணிதானே. அஞ்சாம் நாள் தலையிடி, ஓங்காளம். தங்கச்சி போன் பண்ணி, "அம்மா கேட்டதையே திருப்பித் திருப்பிக் கேக்குறாங்க அக்கா"ன்னா. ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்தா சோடியம் 127. 135க்கு மேல இருக்கணும்.

எச்.சி.டி. மாதிரிக் குளிசைகளுக்கு இப்படி ஒரு குணம் உண்டு. உப்பை வெளியே விடும், ஆனா மிஞ்சின வெறும் தண்ணியை வெளியே விட சிறுநீரகத்துக்கு இருக்கிற திறனைக் குறைச்சுடும். வயசான, மெலிஞ்ச பெண்களுக்கு இது சீக்கிரம் வரும். வேர்வையால உப்பை இழந்த உடம்புல வெறும் தண்ணியை ஊத்தினா, இரத்தத்துல உப்பு இன்னும் நீர்த்துப் போகும். இது எனக்குப் புத்தகத்துல தெரியும். சொந்த அம்மா விஷயத்துல ஞாபகம் வரலை. ரெண்டு நாள் வார்டில் வைச்சு மெல்ல மெல்லத்தான் ஏத்தினாங்க, வேகமா ஏத்தினா மூளைக்கு ஆபத்து. ரெண்டு கிழமையில் 138. கிளினிக் கொப்பியில் டொக்டர் சிவப்பு மையால எழுதினார், இந்தக் குளிசை இவங்களுக்கு இனிக் குடுக்கக் கூடாதுன்னு. லோசார்டன் மட்டும் எடுத்தே அந்த வெயில் காலம் முழுக்க 136/82 அளவில் நின்னுச்சு. மழை தொடங்கி ஏறினப்போதான் அம்லோடிபின் 5 மில்லிகிராம் சேர்த்தாங்க.

சோடியம் சரியா இருந்தா இப்படி முழுசா மாத்தத் தேவையில்லாமல் இருக்கலாம். வெயில் மாசங்களுக்கு மட்டும் 25ஐ 12.5 ஆக்குறதும் உண்டு, எடுக்கிற நேரத்தை மாத்துறதும் உண்டு. அந்த நேரம்தான் நம்ம அம்மாமாருக்குப் பெரிய விஷயம்.

காலை ஆறு மணிக்குக் குளிசை போட்டா ரெண்டு மணித்தியாலத்துல வேலையைத் தொடங்கும், பத்து மணி போல உச்சத்துல இருக்கும். அந்த நேரம் அம்மா நிக்கிறது நடு மலையில். அங்கே கக்கூஸ் இல்லை. லயத்துக்கு இறங்கி ஏறினா கிலோ குறையும், கிலோ குறைஞ்சா அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான். அதனால அம்மா கண்டுபிடிச்ச வழி, குடிக்காம இருக்கிறது. விடியக்காலம் ஒரு தேத்தண்ணி, அப்புறம் மத்தியானம் வரைக்கும் ஒரு சொட்டு இல்லை. இதை எந்த டொக்டர்கிட்டயும் அம்மா சொன்னதில்லை, என்கிட்டயும் சொன்னதில்லை. ஆம்பளை டொக்டர் முன்னாடி எப்படிச் சொல்றதுன்னு வெக்கம். உங்க அம்மாகிட்ட நேரா கேளுங்க, "மலையில நிக்கும்போது என்ன குடிக்கிறீங்க, எத்தனை தடவை போறீங்க"ன்னு. மகன் கேக்கக் கூச்சப்பட்டா அக்கா தங்கச்சியை விட்டுக் கேளுங்க. கொழுந்து பறிக்கிறது பெண்கள்னு தெரிஞ்சும் இத்தனை காலமா மலையில் ஒரு மறைப்பு கட்ட முடியலையேன்னு நினைக்கும்போது எனக்கு வயிறு எரியுது.

வேலை முடிஞ்சு வந்து நாலு மணிக்குக் குளிசையைப் போடலாமான்னு டொக்டர்கிட்ட கேட்டுப் பாருங்க, நிறையப் பேருக்குச் சரின்னுதான் சொல்வாங்க. ராத்திரி வேணாம். வெளியே இருக்கிற கக்கூசுக்கு இருட்டுல எழும்பிப் போய் விழுந்து இடுப்பெலும்பு உடைஞ்சவங்களை நான் வார்டில் பார்த்திருக்கேன்.

இப்போ அம்மாவுக்கு நாங்க செய்றது இவ்வளவுதான். சாப்பிடாமல் மலைக்கு ஏறவே விடுறதில்லை, கறியில் வழக்கமான உப்போட. கூடையில் ஒரு சின்னப் போத்தல் தண்ணி, ஒரேயடியா இல்லாமல் ஒவ்வொரு மிடறா. மத்தியானம் கஞ்சி. ஜீவனி உப்புக் கரைசலை வயித்தோட்டம், வாந்தி வந்த நாளுக்கும், வேர்த்து மயங்கின நாளுக்கும் மட்டும் வைச்சிருக்கோம். அதை தினமும் குடிச்சா அதுல இருக்கிற உப்பு பிரஷரை ஏத்தும். செவ்விளநீர் எப்பவாவது ஒண்ணு பரவாயில்லை. லோசார்டன் எடுக்கிறவங்க, சிறுநீரகம் பலவீனமானவங்க தினமும் குடிச்சா பொட்டாசியம் கூடும்.

மூத்திர நிறத்தை வைச்சு முடிவு பண்ண வேணாம். குளிசை வேலை செய்ற நேரத்துல உடம்பு காய்ஞ்சிருந்தாலும் அது வெளிறித்தான் போகும். முழங்கால் வலிக்கு டைக்ளோபினாக் வாங்கிப் போடுறாங்களான்னு கட்டாயம் கேளுங்க. லோசார்டன், மூத்திரக் குளிசை, வலிக் குளிசை மூணும் வறண்ட உடம்புல சேர்ந்தா சிறுநீரகம் அடிபடும்.

சம்பந்தமில்லாத ஒண்ணு, ஆனா மனசுல கிடக்குது. குளிசைக் கம்பனி மாறும்போது நிறமும் வடிவமும் மாறிடுது. என் அம்மா எழுத்தை வைச்சு இல்லை, வடிவத்தை வைச்சுத்தான் குளிசையை அடையாளம் காண்றவங்க. ஒரு தடவை பழைய சின்ன வெள்ளையையும் புதுசா வந்த பெரிய வெள்ளையையும் வேற வேறன்னு நினைச்சு ஒரு மாசம் ரெண்டையும் போட்டிருக்காங்க. உறையில் தமிழில் ஒரு வரி எழுதிக் குடுக்க எவ்வளவு நேரமாகும்? உங்க அம்மா கையில் இருக்கிற எல்லா உறையையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லிப் பாருங்க.

உங்க அம்மாவுக்கு இதயம் பலவீனம், கால் வீக்கம்னு பியூரோசமைட்ங்கிற வேற மூத்திரக் குளிசை குடுத்திருந்தா நான் மேலே சொன்னது அப்படியே பொருந்தாது. அவங்க தண்ணி கூட்டுறதும் குளிசை குறைக்கிறதும் டொக்டர் சொல்லித்தான் நடக்கணும். தினமும் காலையில் நிறை பார்க்கணும். ரெண்டு மூணு நாளில் ரெண்டு கிலோ கூடினாலும் குறைஞ்சாலும் அன்றைக்கே போகணும்.

பேச்சு தடுமாறினா, நெஞ்சு வலிச்சா, விழுந்து தலை அடிபட்டா, அரை நாளா மூத்திரமே போகலைன்னா, 1990 அம்புலன்சுக்கு அடிங்க.

அம்மாவை அனுப்பும்போது கிளினிக் கொப்பிக்குள்ள ஒரு துண்டு வைச்சு அனுப்புங்க. அதுல இதை எழுதுங்க: "வெயிலில் வேலை செய்கிறார். நிமிரும்போது தலை சுற்றுகிறது, ஒருமுறை விழப் போனார். தயவுசெய்து படுக்க வைத்தும் நிற்க வைத்தும் பிரஷர் பாருங்கள். சோடியம், பொட்டாசியம், கிரியேட்டினின் பரிசோதிக்க முடியுமா? வாந்தி, வயிற்றோட்டம் வந்தால் எந்தக் குளிசையை எத்தனை நாள் நிறுத்துவது என்று இதில் எழுதித் தாருங்கள்." கடைசி வரிக்குக் கீழே நாலு வரி இடம் விடுங்க.