மேடை லைட்டு, புகை, பைரோ: கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

நான் காட்பாடி. கச்சேரி, காலேஜ் கல்ச்சுரல்ஸ், ரிசப்ஷன்னு 22 வருஷமா மேடை லைட்டும், புகை, பைரோன்னு சொல்ற தீப்பொறி எஃபெக்ட்டும் பண்ணிகினு இருக்கேன். ஒவ்வொன்னா பதில் போடறேன்.

“அண்ணா, இந்த லைட்டு புகை எல்லாம் ராக் பேண்டுல எப்படி ஆரம்பிச்சுது?” (சத்துவாச்சாரி, காலேஜ் தம்பி)

தம்பி, 60கள்ல கண்ணாடித் தட்டுல கலர் எண்ணெயும் தண்ணியும் ஊத்தி புரொஜெக்டர் மேல வெச்சு ஆட்டுவாங்க, பேண்டு பின்னாடி திரையில கலர் உருகி ஓடற மாதிரி தெரியும். 70கள்ல பார் கேன் வந்துச்சு, ஒரு லைட்டே 1000 வாட், அத நூத்துக்கணக்குல தொங்கவிட்டா மேடையே அடுப்பு தான். 1981ல ஜெனிசிஸ் பேண்டு டூர்ல வேரி-லைட்னு தானா திரும்புற, கலர் மாத்துற லைட்ட இறக்கினாங்க, இன்னிக்கு நம்ம ஊரு ஆர்க்கெஸ்ட்ரா மேடையில தலைய ஆட்டுற ஷார்பி எல்லாம் அதோட பேரப்பிள்ளைங்க. இப்ப எல்இடி வந்ததுல சூடும் குறைஞ்சு போச்சு.

புகை எதுக்குன்னா, காத்துல ஏதாவது இருந்தா தான் லைட்டு கம்பி மாதிரி கண்ணுக்குத் தெரியும். நெருப்ப பெருசா மேடை ஏத்துனவங்கள்ல கிஸ் பேண்டு முக்கியம். வாயில இருந்து தீ ஊதுற ஜீன் சிம்மன்ஸுக்கு 1973 டிசம்பர் 31 நியூயார்க் ஷோவுலயே முடியில தீ பிடிச்சுகிச்சு. லைட்டோட ஆபத்து வருஷத்துக்கு வருஷம் குறைஞ்சுகினே வந்துச்சு, நெருப்போடது அப்படி குறையல.

“சார், 2003ல அமெரிக்காவுல ஒரு கிளப்புல மத்தாப்பு கொளுத்தி 100 பேரு செத்தாங்களாமே, மத்தாப்புல என்னா அவ்ளோ பவரு?” (ராணிப்பேட்டை)

இந்தக் கேள்விக்கு தான் காத்துகினு இருந்தேன். ரோட் ஐலண்டுல தி ஸ்டேஷன்னு ஒரு சின்ன கிளப், பிப்ரவரி 20 ராத்திரி, கிரேட் ஒயிட் பேண்டு. முதல் பாட்டு ஆரம்பிக்கசொல்ல மேடையில ஜெர்ப் விட்டாங்க, நம்ம புஸ்வாணத்தோட அண்ணன்னு வெச்சுக்கோங்க, 15 அடி உயரம், 15 செகண்டு எரியற அளவு. பவரு மத்தாப்புல இல்லீங்க, சுவத்துல இருந்துச்சு. சத்தம் வெளிய போவக்கூடாதுன்னு டிரம்ஸுக்கு பின்னாடி பாலியூரித்தேன் ஃபோம் ஒட்டி வெச்சிருந்தாங்க, மெத்தைக்குள்ள இருக்குமே அந்த சாதி.

பொறி பட்டதும் ஃபோம் பிடிச்சுகிச்சு. கொஞ்ச செகண்டு ஜனங்க அதுவும் ஷோவுல ஒன்னுன்னு நெனச்சு கை தட்டிகினு இருந்தாங்க. அரை நிமிஷத்துல பேண்டு வாசிப்ப நிறுத்திட்டாங்க, ஒன்றரை நிமிஷத்துல உள்ள மூச்சு விட முடியாத கருப்புப் புகை. 400 பேருக்கு மேல உள்ள, நாலு வழி இருந்தும் பெரும்பாலும் வந்த வாசலுக்கே ஓடி ஒருத்தர் மேல ஒருத்தர் விழுந்து அடைச்சுகிச்சு. ஸ்பிரிங்ளரும் கிடையாது. பின்னாடி அரசு ஆராய்ச்சி நிலையம் அதே மாதிரி மேடை கட்டி எரிச்சுப் பாத்தாங்க, ஸ்பிரிங்ளர் இருந்தப்ப தீ அடங்கிப் போச்சு. பேண்டோட கிதார் கலைஞர் டை லாங்லியும் அந்த 100 பேருல ஒருத்தர்.

“அண்ணே நாங்க யூஸ் பண்றது கோல்டு பைரோ, கைய வெச்சாலே சுடாது, அதுல பயமே இல்ல” (ஆம்பூர், ஈவென்ட் பண்றவர்)

பாதி சரி சொல்றீங்க. டைட்டானியம் மாதிரி உலோகத் துகள மெஷின் சூடாக்கி மேல வீசுது, ஒவ்வொரு பொறியும் ரொம்பப் பொடிசு, அதனால மேல போயி கீழ விழறதுக்குள்ள ஆறிடுது, கையில பட்டா சுருக்குன்னு இருக்கும் அவ்ளோ தான். ஆனா மெஷினோட மூக்கு கிட்ட, முதல் ஒரு அடிக்குள்ள, அது நெருப்பே தான். ஈரம் ஏறுன துகள் கட்டி கட்டியா வந்தா பெரிய பொறி விழும், அது ஆறாது. பட்டுப்புடவை, தெர்மாகோல், சீலிங்குல கட்டுற நெட்டு துணிக்கெல்லாம் அந்த ஒன்னு போதும். துகள்ல தீ பிடிச்சா தண்ணி ஊத்தாதீங்க, சூடான உலோகத்துல தண்ணி பட்டா ஹைட்ரஜன் கிளம்பும். மெஷின் பக்கத்துல காஞ்ச மணல் ஒரு பக்கெட் வெச்சுக்கோங்க.

“எங்க அக்கா பையன் ரிசப்ஷன் அடுத்த மாசம் குடியாத்தத்துல. ஆறு மெஷின் வெக்கிறாங்களாம், பின்னாடி பூ டெக்கரேஷன். ஓகேவா சார்?” (பேர்ணாம்பட்டு அம்மா)

அம்மா, மெஷின் எத்தனைங்கறத விடுங்க, பின்னாடி என்னா இருக்குன்னு பாருங்க. போன வருஷம் ஒரு மண்டபத்துல இதே கதை. தரையில இருந்து சீலிங் துணி 12 அடி தான், மெஷின்ல பொறி உயரத்த ரெண்டரை மீட்டர்னு வெச்சிருந்தாங்க, அதுவே எட்டு அடிக்கு மேல, மேடை மூணு அடி உயரம். கூட்டிப் பாருங்க, பொறிக்கும் துணிக்கும் நடுவுல ஒரு அடி கூட இல்ல. டெக்கரேஷன்காரர் “ஃபயர் புரூஃப் சார்”னாரு. துணியில, பிளாஸ்டிக் பூவுல ஒரு ஒரு துண்டு வெட்டி வெளிய வாசலுக்கு எடுத்துட்டு போயி, கொறடால பிடிச்சுகினு லைட்டர 12 செகண்டு காட்டி எடுத்தேன். லைட்டர எடுத்து ரெண்டு செகண்டுல அணையணும், எரிஞ்சுகினே சொட்டக் கூடாது. பூ சொட்டு சொட்டா எரிஞ்சு தரையில விழுந்தும் எரிஞ்சுது. மெஷின வெளிய வாசல்ல வெக்க சொல்லிட்டேன், மாப்ள வீட்ல கோவம் தான்.

இந்த டெஸ்ட்டுல ஃபெயில் ஆனா கட்டாயம் வேணாம்னு அர்த்தம், பாஸ் ஆனா முழு கேரண்டின்னு இல்ல. 2004ல ஸ்ரீரங்கம் கல்யாண மண்டபத்துல 50 பேருக்கு மேல போனாங்களே, அங்க பைரோவே இல்ல, வீடியோ லைட்டோட வயரும் கீத்துக் கொட்டகையும் தான்.

“கெங்கையம்மன் சிரசு திருவிழாவுக்கு வாணவேடிக்கை விடுவீங்களா, ரேட் என்னா?”

அது வேற தொழிலுங்க, நான் மேடை மட்டும் தான். வெடி லைசென்ஸ் இருக்குற வேடிக்கைக்காரங்கள பாருங்க.

“மேக மூட்டம் என்ட்ரிக்கு டிரை ஐஸ் தானே, அது வெறும் காத்து தானே?” (ஆற்காடு)

காத்து இல்ல, கார்பன் டை ஆக்சைடு, மைனஸ் 78 டிகிரி. ஒரு கிலோ ஆவியானா 500 லிட்டருக்கு மேல. பத்து கிலோ போட்டா வீட்டு மாடியில இருக்குற ஆயிரம் லிட்டர் டேங்க் அஞ்சு நெறையுற அளவு, அதுவும் காத்த விட கனம், தரையோட தங்கும். ஏசிக்காக கதவெல்லாம் சாத்திட்டு, மேடை முன்னாடி கொழந்தைங்க தரையில உக்காந்திருந்தா அவங்க மூக்கு உயரத்துல தான் அது நிக்கும். தலைவலி, மூச்சு வாங்குறது, தூக்கம் மாதிரி சொக்குறது, இதுல எது வந்தாலும் தூக்கினு வெளிய போங்க, கதவ தொறங்க. கண்ணாடி ஏத்துன கார்லயும் அத ஏத்திட்டு போவாதீங்க. சாதா புகை மெஷின் வேற, அது கிளைகால் தண்ணிய சூடாக்கி விடறது. அதுல எனக்கு பயம் என்னான்னா, அலாரம் அடிக்கும்னு ஸ்மோக் டிடெக்டர ஆஃப் பண்ணிட்டு முடிஞ்சப்புறம் ஆன் பண்ண மறந்துடறாங்க.

“மெட்டாலிகா பேண்டு ஹெட்ஃபீல்டுக்கு என்னா ஆச்சுண்ணா? அவரு புரொஃபஷனல் தானே!” (பாகாயம், கிதார் வாசிக்கிறவர்)

1992 ஆகஸ்ட் 8, மான்ட்ரியல். மெட்டாலிகா ஷோவுல புதுசா பைரோ சேத்திருந்தாங்க, பழைய எஃபெக்ட் அந்த எடத்துல வராதுன்னு அவரு நெனச்சுட்டாரு, வந்துச்சு. தீ எழும்புற எடத்துல நின்னாரு, கை வெந்து போச்சு. அதனால தான் நான் பட்டன் அமுக்குறவர் மேடைய கண்ணால பாக்குற எடத்துல நிக்கணும்னு சொல்றேன், கைய எடுத்தா கட் ஆவுற பட்டனா இருக்கணும். பாட்டு டைம்கோடுல தானா அடிக்கிறது எனக்கு ஒத்துக்காது.

“உள்ள எந்த பைரோவும் வேணாம்னு மொத்தமா தடை பண்ணிடலாமே?” (அதே ராணிப்பேட்டை)

என் பார்ட்னரும் இதையே தான் சொல்றாரு, 2013ல பிரேசில் கிஸ் கிளப்புல 242 பேரு போனத காட்டுறாரு, அங்க வெளிய மட்டும் விட வேண்டிய சாமான உள்ள விட்டாங்க, சீலிங்குல மறுபடியும் ஃபோம். எனக்கு உசரமான ஆடிட்டோரியமும் தாழ்ந்த மண்டபமும் ஒன்னு இல்லன்னு தோணுது. அவரு ஒத்துக்கல. ரெண்டு பேரும் ஒத்துகினது ஒன்னு தான், துணி சீலிங் கட்டுன எடத்துல எங்க மெஷின் இறங்காது. பேர்ணாம்பட்டு அம்மா, சீலிங் போட்டோ ஒன்னு அனுப்புங்க, துணியா ஷீட்டான்னு தெரியுற மாதிரி, பாத்துட்டு சொல்றேன்.