வியன்னாவில் இருக்கும் பச்சை இறகுகள்: கேள்வி பதில்

இந்த வாரம் பழைய மெக்சிகோவின் அஸ்தெக் மக்கள் செய்த இறகு வேலைதான் பேச்சு. கல் சிற்பம், ஓவிய நூல் பற்றியும் கேட்கலாம், தெரிந்த அளவு சொல்கிறேன். வேற்றுக்கிரகவாசிகள் வேண்டாம்.

மேடம், மொக்தெசுமா ராஜாவோட கிரீடம் ஆஸ்திரியாவுக்கு எப்படிப் போச்சு?
*கடலூர்க்காரன்*

முதலில் அந்தப் பெயரை விட்டுவிடுங்கள். அது மொக்தெசுமாவுடையது என்பதற்கு ஒரு சான்றும் இல்லை. அஸ்தெக் அரசர் அணிந்தது நீலப்பச்சைக் கல் பதித்த, முன்பக்கம் கூராக எழும் ஒரு நெற்றிப்பட்டம். ஓவிய நூல்களில் அரசரை அதை வைத்துத்தான் அடையாளம் காண்கிறோம்.

வியன்னாவில் இருப்பது ஏறக்குறைய 116 செ.மீ. உயரமும் 175 செ.மீ. அகலமும் உள்ள இறகு விரிப்பு. அது முதன்முதலில் எழுத்தில் தலைகாட்டுவது 1596-ல், டிரோல் பிரபு ஃபெர்டினாந்தின் ஆம்ப்ராஸ் கோட்டைப் பொருள் பட்டியலில். அங்கே அதன் பெயர் ‘மூர் தொப்பி’. நெற்றியில் முழுக்கத் தங்கத்தாலான ஒரு பறவை அலகு இருப்பதாகவும் எழுதியிருக்கிறார்கள். அந்த அலகு பிறகு காணாமல் போனது. அலகு போனதும் தொப்பி என்ற அடையாளமும் போய்விட்டது. பின்னாளில் அதை இடுப்பில் கட்டும் ஆடை என்று குறித்தார்கள். 1878-ல் பழுது பார்த்த வியன்னா அருங்காட்சியகத்தின் ஹோக்ஸ்டெட்டர் போர்க்கொடி என்று நினைத்தார். தலையணிதான் என்று திரும்ப வாதிட்டு நிறுவியவர் ஆய்வாளர் ஸெலியா நட்டால். யார் தலையில் இருந்தது என்பது வேறு கேள்வி. அதற்கு இன்னும் விடை இல்லை.

இறகை இறகோடு எப்படி ஒட்டினார்கள்? என் மாணவிகளுக்குச் செய்து காட்ட ஆசை.
*ஓவிய ஆசிரியை*

உங்களுக்கு விரிவாகவே சொல்கிறேன். இரண்டு வேலைமுறைகள் உண்டு, அவற்றைக் குழப்பக் கூடாது. வியன்னா தலையணியின் நீண்ட இறகுகள் ஒட்டப்பட்டவை அல்ல. நார் வலையில் ஒவ்வொன்றாக முடிச்சுப் போட்டுக் கட்டி, வலை தொய்யாமல் மெல்லிய குச்சிகளால் தாங்கியிருக்கிறார்கள். விசிறி, தலையணி போன்றவை இப்படிக் கட்டியவை. கேடயம் போன்ற தட்டையான பரப்பில் படம் வர வேண்டுமென்றால்தான் பசை.

இறகுக் கலைஞர்களுக்கு அமன்தேகா என்று பெயர். அவர்கள் சொன்னதை சஹாகுன் என்ற பாதிரியார் 16-ஆம் நூற்றாண்டில் அஸ்தெக் மக்களின் ‘நவாத்தில்’ மொழியிலேயே எழுதி வைத்தார். முதலில் ஓவியர் படம் வரைந்து தருவார். அமன்தேகா ஒரு கத்தாழை மடலில் பசை தடவி, சிலந்தி வலை மாதிரி நெகிழ்த்திய பஞ்சை அதன்மேல் பரப்பி, மறுபடி பசை தடவி வெயிலில் காயவைப்பார். உரித்தெடுத்தால் கண்ணாடி போல ஒரு தாள் கிடைக்கும். அதைப் படத்தின்மேல் வைத்தால் கோடுகள் தெரியும், அப்படியே நகல் எடுக்கலாம். பிறகு மரப்பட்டைக் காகிதத்தில் ஒட்டி விறைப்பாக்கி, வடிவங்களை வெட்டிக்கொள்வார்கள்.

அடுத்ததுதான் சூட்சுமம். விலையுயர்ந்த இறகை நேராக ஒட்ட மாட்டார்கள். மலிவான சாதா இறகுகளுக்குச் சாயமேற்றி ஒரு படுக்கை போடுவார்கள். மேலே வரும் நீலமோ சிவப்போ மெல்லியது, அடியில் வேறு நிறம் இருந்தால் காட்டிக்கொடுத்துவிடும். அதன் பிறகுதான் கோட்டிங்கா பறவையின் நீலமும் கரண்டிவாயனின் ரோஜா நிறமும். எலும்புக் கருவியால் அழுத்திப் படிய வைப்பார்கள். பசை ஒரு ஆர்க்கிட் செடியின் கிழங்கைக் காயவைத்து இடித்த பொடி. நீரில் குழைப்பது வீட்டுப் பிள்ளைகளின் வேலை.

வகுப்பில் மைதாப் பசையும் கோழி இறகும் போதும். படுக்கை இறகை மட்டும் விட்டுவிடாதீர்கள். அது இல்லாமல் ஒன்றும் அதோடு ஒன்றுமாக இரண்டு செய்து பக்கத்தில் வைத்தால் மாணவிகளே புரிந்துகொள்வார்கள்.

எங்க பாட்டியோட மயிற்பீலி விசிறி மங்கிப்போச்சு. அவங்க மாதிரி சாயம் ஏத்தலாமா?
*மதுரை வாசகி*

ஏற்றாதீர்கள். அவர்கள் சாயம் போட்டது அடியில் வைத்த சாதா இறகுக்கு. மயில் நீலமும், வியன்னா தலையணியில் உள்ள கெட்ஸால் பறவையின் பச்சையும் சாயமே இல்லை, இறகின் நுண்ணமைப்பில் ஒளி பட்டுத் திரும்புவதால் வரும் நிறம். விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், பழுப்பாகத் தெரியும். தூசியும் எண்ணெயும் படிந்தால் மங்கும், சாயம் போட்டால் இருக்கிறதும் கெடும். கரண்டிவாயனின் ரோஜா நிறம் வேறு ரகம், நிஜமான நிறமி. வெளிச்சத்தில் வெளுத்துப்போகும். துடைப்பது பற்றித் துணி, தோல் பராமரிப்பவர்களைக் கேளுங்கள்.

அந்தக் கிரீடத்துக்கு எத்தனை பறவையைக் கொன்னாங்க?
*பறவை நேசன்*

தலையணி. நானூற்றுச் சொச்சம் கெட்ஸால் இறகுகள் இருக்கின்றன. ஆணுக்கு மட்டும்தான் நீண்ட வால் தூவிகள், ஒன்றுக்கு இரண்டு, சில சமயம் நான்கு. ஆகவே நூறு பறவைக்கு மேல் தேவைப்பட்டிருக்கும். ஆனால் பிடித்து, இறகைப் பிடுங்கி, பறக்கவிட்டார்கள். இறகு மறுபடி முளைக்கும். குவாதமாலாப் பக்கம் அதைக் கொன்றவனுக்கு மரண தண்டனை என்று லாஸ் காசாஸ் என்ற ஸ்பானியப் பாதிரியார் எழுதுகிறார். அஸ்தெக் தலைநகரில் இந்தப் பறவை கிடையாது. தெற்கே மேக மலைக் காடுகளிலிருந்து கப்பமாகவும் வணிகமாகவும் வந்தது.

பலென்கே மூடிக்கல்லில் ராக்கெட் ஓட்டுறது யாரு?
*விண்வெளி வேந்தன்*

மாயா அரசர் பகால். அது அவருடைய கல்லறை மூடி. ஓட்டவில்லை, செத்துப்போயிருக்கிறார். அடுத்தவர்.

லாண்டா பாதிரியார் எல்லா ஓவிய நூலையும் எரித்துவிட்டார். அப்புறம் கப்பம் பற்றி எப்படித் தெரியும்?
*ஓய்வுபெற்ற ஆசிரியர்*

பாதி சரி, ஐயா. 1562-ல் மானி ஊரில் அவர் எரித்தது மாயா மக்களின் நூல்களை, அஸ்தெக் நூல்களை அல்ல. அதையும் மீறி நான்கு மிஞ்சின. ஒன்று டிரெஸ்டனில் இருக்கிறது. கப்பம் பற்றி நாம் பார்ப்பது மெந்தோசா சுவடி என்ற அஸ்தெக் ஓவிய நூலில். அது ஸ்பானியர் வந்த பிறகு பழைய முறையில் வரைந்தது, ஆகவே அதை ‘ஸ்பானியருக்கு முந்தைய’ நூல் என்று சொல்லக் கூடாது. அதில் இறகுக் கட்டின்மேல் முடிக்கற்றை போல ஒரு குறி நின்றால் 400 என்று எண்ண வேண்டும், கொடி என்றால் 20. ஷொகொனொச்கோ மாகாணத்துக்குரிய ஏட்டில் இறகுக் கட்டுகளோடு தோலோடு உரித்த நீலப் பறவைகளையும் காணலாம்.

பெருவிலும் இதே பசைதானா?
*பயணி*

இல்லை. வாரி மக்கள் மக்காவ் கிளியின் இறகுகளை நூலில் வரிசையாகக் கட்டி, அந்தச் சரங்களைப் பருத்தித் துணியில் தைத்தார்கள். நீலமும் மஞ்சளும் கட்டம் கட்டமாக வரும். அது தனி வாரத்துக்குரிய விஷயம்.

மெக்சிகோவுக்குக் கொண்டுபோனால் அந்தத் தலையணி அதிர்வு தாங்காது என்று வியன்னா சொல்வது சாக்கு. திருப்பிக் கொடுக்க மனசில்லை.
*பயணி*

நான் துணிப் பாதுகாப்பு வேலையில் இருப்பவள். சாக்கு இல்லை. உலர்ந்த இறகுத் தண்டு ஒவ்வொரு குலுக்கலுக்கும் தூளாக உதிரும், உதிர்ந்ததை மீட்க முடியாது.
*அருங்காட்சியகப் பணியாளர்*

அப்போ தொழில்நுட்பம் வளரும் வரை அவங்களே வெச்சுக்கலாமா? யார் முடிவு பண்றது?
*பயணி*

இருவரும் வெவ்வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்கிறீர்கள். அதிர்வு ஆபத்து உண்மை. ஆஸ்திரிய, மெக்சிகோ நிபுணர்கள் 2010 முதல் சேர்ந்தே ஆராய்ந்தார்கள். 2020-ல் மெக்சிகோ கடனாகக் கேட்டபோது வியன்னா தரவில்லை. ஆனால் ‘நகர்த்த முடியாது’ என்பது ‘யாருடையது’ என்பதற்குப் பதிலாகாது. உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டு, பொருளை அதே பெட்டியில் வைத்திருக்கலாமே என்பது என் எண்ணம். இதற்குப் பணியாளர் தங்கை உடன்பட மாட்டார் என்று தெரியும்.

உடன்படவில்லை, அக்கா. உரிமை மாறினால் அடுத்த நாளே பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள்.
*அருங்காட்சியகப் பணியாளர்*

இருக்கலாம். 1878-ல் திறந்தவர்கள் மெக்சிகோக்காரர்கள் இல்லையே. தொலைந்த தங்கத் துண்டுகளுக்குப் பதில் முலாம் பூசிய பித்தளையும், உதிர்ந்த நீலத்துக்கு மீன்கொத்தி இறகும் வைத்தது வியன்னாதான்.

மேடம், மொக்தெசுமா கிரீடத்தோட ஒரிஜினலை மெக்சிகோ சிட்டியில் பாத்தேன். நல்லா இருந்துச்சு.
*புதியவர்*

நீங்கள் பார்த்தது 1940-ல் செய்த நகல். பெயரைப் பற்றி மேலே கடலூர்க்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.