வருடக் கணக்கு பூஜ்ஜியம் ஆகவில்லையே?

"திருமங்கலத்தில் பி.எஸ்சி. படிக்கிறேன் அண்ணா. தினம் 100 ரூபாய் பந்தயம், ஜெயிக்கவும் தோற்கவும் சம வாய்ப்பு. ஷீட்டில் 365 நாள் ஓட்டினேன். முதலில் -2,300, அடுத்து +1,700. ஆனால் திட்ட விலக்கம் 100 என்றுதான் வருகிறது. எங்கே தப்பு?"

தப்பு இல்லை தம்பி. அந்த 100 ஒரு நாளுக்கு உரியது, வருடத்துக்கு உரியது அல்ல.

சராசரி பூஜ்ஜியம். ஜெயித்தாலும் தோற்றாலும் அதிலிருந்து விலகல் 100 தான், அதன் வர்க்கம் 10,000. இதுவே ஒரு நாளின் விலக்க வர்க்கச் சராசரி. ஒரு நாள் முடிவு மறுநாளைப் பாதிக்காததால் இவற்றை அப்படியே கூட்டலாம்: 365 × 10,000 = 36,50,000. திட்ட விலக்கத்தை இப்படிக் கூட்டக் கூடாது, கடைசியில்தான் வர்க்கமூலம் எடுக்க வேண்டும். சுமார் 1,910 வரும்.

அப்படிப் பார்த்தால் உன் -2,300 வெறும் 1.2 திட்ட விலக்கம்தான், சாதாரண வருடம். உன் வகுப்பில் 60 பேர் இதே மாதிரி ஓட்டினால் சுமார் 40 பேர் ±1,910-க்குள் இருப்பார்கள். ±3,820-ஐத் தாண்டுபவர்கள் மூன்று பேர் இருக்கலாம். அவர்கள் ராசிக்காரர்களும் இல்லை, ஆட்டம் தெரிந்தவர்களும் இல்லை.

```
=IF(RAND()<0.5,-100,100)
```

இதை A1 முதல் A365 வரை போடு. 365 ஒற்றைப்படை என்பதால் மொத்தம் ஒருநாளும் பூஜ்ஜியம் ஆகாது, 1,800-உம் ஆகாது. 1,700, 1,900 என்றுதான் வரும். 1,800 வந்தால் ஒரு வரிசை விட்டுப்போயிருக்கிறது, எண்ணிப் பார். அப்புறம், ஷீட்டில் எதைத் தொட்டாலும் RAND மாறிவிடும். மொத்தத்தை மதிப்பாக மட்டும் வேறு இடத்தில் ஒட்டி வை.