நாற்காலிக்கு வாடகையும் வேண்டும், ஆள்மேல் அதிகாரமும் வேண்டுமா?

கேள்வி: காரைக்குடியில் வாடகைக் கட்டடத்தில் பெண்களுக்கான பார்லர் நடத்துகிறேன். மாதம் 18,000 சம்பளத்தில் இருக்கும் இரண்டு பெண்கள், "அக்கா, சம்பளம் வேண்டாம். நாற்காலிக்கு வாடகை தருகிறோம், வருகிற காசு எங்களுக்கு" என்கிறார்கள். எனக்கும் சம்மதம்தான். ஆனால் நேரம், ரேட், சீருடை எல்லாம் நான் சொல்கிறபடி, பில்லும் என் கவுண்டரில் என்று வைத்துக்கொள்ளலாமா? ஒப்பந்தம் எழுதினால் போதுமா?

பதில்: வைத்துக்கொள்ளலாம். ஆனால் அப்படி வைத்துக்கொண்டால், பத்திரத்தில் என்ன எழுதியிருந்தாலும் அவர்கள் உங்கள் ஊழியர்கள் என்று சொல்லத்தான் வாய்ப்பு அதிகம். 1973-இல் சில்வர் ஜூபிலி டெய்லரிங் ஹவுஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் அலசியது. அங்கே தையல்காரர்களுக்குத் துணிக்கு இவ்வளவு என்று கூலி, மாதச் சம்பளம் கிடையாது. இருந்தும் மெஷின் கடைக்காரருடையது, தையல் சரியில்லை என்றால் திருப்பித் தைக்கச் சொல்லும் உரிமையும் அவருக்கு இருந்தது. ஆகவே அவர்கள் ஊழியர்கள்தான் என்று தீர்ப்பானது. உங்கள் சீருடை, உங்கள் ரேட், உங்கள் கவுண்டர் மூன்றும் சேர்ந்தால் அதே கதைதான்.

ஊழியர் என்றானால் கடைகள் நிறுவனங்கள் சட்டப்படி விடுப்பும், ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நிறுத்த நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீஸும் வேண்டும். பணியாளர் எண்ணிக்கை பத்தைத் தொட்டால் இஎஸ்ஐ வரும். அப்போது இந்த 'வாடகைக்காரர்களையும்' சேர்த்து எண்ணிவிடுவார்கள்.

சரி, உண்மையாகவே வாடகைக்கு விட்டால்? கணக்கைப் பாருங்கள். நான் உத்தேசமாகப் போடுகிறேன், உங்கள் நோட்டைப் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். கல்யாண மாதத்தில் ஒரு பெண் 60,000 வசூல் செய்கிறார், பொருள் செலவு 12,000 என்றால், சம்பளம் போக உங்களுக்கு 30,000 நிற்கும். 15,000 வாடகை என்றால் அதில் பாதிதான். ஆடியில் வசூல் 25,000-க்கு இறங்கி, பொருள் 5,000 ஆனால், சம்பள முறையில் உங்களுக்கு மிஞ்சுவது 2,000. வாடகை முறையில் அப்போதும் 15,000. ஆனால் அந்த மாதம் அவர் கையில் நிற்பது வெறும் 5,000. பாக்கி விழுவது ஆடியிலும் மார்கழியிலும்தான். இரண்டு மாத முன்பணம் வாங்குங்கள், அந்த இரு மாதங்களுக்கு வாடகையைக் குறைத்தே எழுதுங்கள். வசூலில் பங்கு என்று மட்டும் போடாதீர்கள். அது கமிஷன் சம்பளம் போலத் தெரியும்.

விட்டுக்கொடுக்க வேண்டியதும் உண்டு. கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணத்துக்கு மணப்பெண் அலங்காரம் என்றால், போன் நேராக அவருக்கே போகும், பணமும் அவருக்கே. நீங்கள் "போகாதே" என்று தடுக்க முடியாது. கடை திறந்திருக்கும் நேரம், சுத்தம், கருவிகளைக் கிருமிநீக்கம் செய்வது போன்ற இடத்துக்கான விதிகளை நீங்கள் போடலாம். என்ன விலை, எந்த பிராண்ட், எந்த வாடிக்கையாளர் என்பதெல்லாம் அவர் பாடு. அவருடைய பொருள், அவருடைய க்யூஆர் கோடு, அவர் பெயரில் பில்.

உங்கள் கவுண்டரில் வசூலித்தால் இன்னொரு வில்லங்கமும் உண்டு. அந்தப் பணம் முழுவதும் உங்கள் வரவாகவே தெரியும். ஜிஎஸ்டி பதிவுக்கான 20 லட்ச வரம்பை அது சீக்கிரம் எட்டவைக்கும்.

பொறுப்பு விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். ஸ்மூத்தனிங் செய்தபோது ஒருவருக்கு முடி பொசுங்கிவிட்டால், அந்த வாடிக்கையாளர் உங்கள் பெயர்ப்பலகையைப் பார்த்துக் கடைக்கு வந்தவர். நுகர்வோர் ஆணையத்தில் உங்களையும் சேர்த்துத்தான் வழக்குப் போடுவார். உங்கள் இருவருக்குள் உள்ள ஒப்பந்தம் அவரைக் கட்டுப்படுத்தாது. நஷ்டஈடு கட்ட நேர்ந்தால் அதை அந்தப் பெண்ணிடம் திரும்பப் பெறத்தான் ஒப்பந்தம் உதவும். அந்த ஷரத்தைத் தெளிவாக எழுதுங்கள். நாற்காலிக்கு எதிரே அவர் பெயரையும், தனித்தொழில் செய்கிறவர் என்பதையும் எழுதி ஒட்டுங்கள்.

இன்னொன்றை நீங்கள் யோசித்திருக்க மாட்டீர்கள். கட்டட உரிமையாளரின் எழுத்துப்பூர்வச் சம்மதம் இல்லாமல் இதைத் தொடங்காதீர்கள். 2017-ஆம் ஆண்டு தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, அனுமதியில்லாத உள்வாடகை உங்களையே காலி செய்ய வைக்கும் காரணமாகும். அதனால் நாற்காலியைப் பயன்படுத்தும் 'உரிமம்' என்றே எழுதுங்கள். எழுதியதோடு விட்டுவிடாமல் நடப்பிலும் அப்படியே இருங்கள். டெல்லி இம்பீரியல் ஓட்டலில் முடிதிருத்தும் தொழில் நடத்தியவருக்கு 'உரிமம்' என்றுதான் எழுதிக்கொடுத்திருந்தார்கள். இரண்டு அறைகளும் அவர் வசமே இருந்ததால், அது குத்தகைதான் என்று 1959-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே தடுப்பு அடித்துத் தனி அறையாக்கிக் கொடுக்காதீர்கள், கடைச் சாவியும் உங்களிடமே இருக்கட்டும்.

என் யோசனை: உங்கள் பெயரையும் ரேட்டையும் நம்பித்தான் கூட்டம் வருகிறது என்றால் சம்பளத்தோடு ஊக்கத்தொகை கொடுத்து அவர்களை வைத்துக்கொள்ளுங்கள். அவர்களைத் தேடித்தான் வருகிறார்கள் என்றால் வாடகைக்கு விடுங்கள். அப்படி விடுவதாக இருந்தால், முதலில் ராஜினாமா கடிதம் வாங்கி, சம்பளப் பாக்கியும் விடுப்புப் பணமும் வங்கி வழியாகத் தீர்த்து, அப்புறம் புதுத் தேதியில் ஒப்பந்தம் போடுங்கள்.