பிராட்பேண்ட் அளவு தாண்டியதாகத் தானாகச் சேர்க்கப்பட்ட டாப்-அப் தொகையைக் கட்ட வேண்டுமா?

கேள்வி: வக்கீல் ஐயா, நாங்கள் கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறோம். வீட்டு பிராட்பேண்டுக்கு மாதம் 500 ஜிபி. பில் மாதம் 5ஆம் தேதி தொடங்கும். ஏப்ரல் பில்லில் 532 ஜிபி ஓடியதாகச் சொல்லி, 10 ஜிபிக்கு 60 ரூபாய் வீதம் நான்கு டாப்-அப் தாங்களாகவே போட்டு, ஜிஎஸ்டியோடு 283.20 ரூபாய் சேர்த்திருக்கிறார்கள். நான் எதையும் கேட்கவில்லை, மெசேஜும் வரவில்லை. போன மாதம் 420 ஜிபிதான். பயன்பாட்டு அறிக்கையை எடுத்தேன், முதல் வரியே மார்ச் 29 என்று இருக்கிறது. கட்டித்தான் ஆக வேண்டுமா?

பதில்: உங்கள் வழக்கின் உயிர்நாடி அந்த முதல் வரியில்தான் இருக்கிறது. பயன்பாட்டு அறிக்கையின் ஒவ்வொரு வரியும் ஒரு நாளின் கணக்கு அன்று. உங்கள் மோடம் இணைப்பில் ஏறியதிலிருந்து துண்டிக்கப்படும் வரை நீடித்த ஓர் அமர்வின் கணக்கு. மின்தடையோ மறுதொடக்கமோ இல்லாவிட்டால் ஓர் அமர்வு பல நாட்கள் நீளும். சில நிறுவனங்களின் கணக்கு மென்பொருள், அமர்வு முடிந்த தேதியை மட்டும் பார்த்து, அதன் முழு அளவையும் அந்தத் தேதி விழும் பில் மாதத்தில் ஏற்றிவிடுகிறது.

நீங்கள் அனுப்பிய அறிக்கையில் முதல் அமர்வு மார்ச் 29 அதிகாலை தொடங்கி, ஏப்ரல் 7 இரவு முடிந்து, 61 ஜிபி காட்டுகிறது. இந்தப் பத்து நாட்களில் ஏழு நாட்கள், அதாவது ஏப்ரல் 4 வரை, முந்தைய பில் மாதத்தைச் சேர்ந்தவை. தினமும் ஏறத்தாழ ஒரே அளவில் பயன்படுத்தியதாகக் கொண்டால் சுமார் 43 ஜிபி மார்ச் கணக்கில் சேர வேண்டியது. அதைக் கழித்தால் ஏப்ரலில் நீங்கள் 489 ஜிபிதான் பயன்படுத்தியிருக்கிறீர்கள். மார்ச்சின் 420 உடன் 43ஐக் கூட்டினாலும் 500ஐத் தொடாது என்பதால், சுமையை அங்கே மாற்றினாலும் உங்களுக்குப் பாதகம் இல்லை. சராசரி என்பது மதிப்பீடே தவிரச் சாட்சியம் ஆகாது. ஆனால் 61இல் 32 ஜிபியாவது ஏப்ரல் 5க்கு முன் ஓடியது என்று காட்டினாலே நான்கு டாப்-அப்பும் விழுந்துவிடும். அதற்கான நாள்வாரிப் பதிவை நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். அமர்வு நடந்துகொண்டிருக்கும்போதே இடைக்காலப் பதிவுகள் சர்வரில் சேர்வது வழக்கம்.

அறிக்கையில் Upload என்ற பத்தியையும் பாருங்கள். கேமரா பதிவும் கைபேசிப் படங்களின் காப்புப் பிரதியும் அதில்தான் ஏறும். பெரும்பாலான திட்டங்களில் பதிவிறக்கம், பதிவேற்றம் இரண்டையும் கூட்டியே அளவு கணக்கிடுவதால், அது மிகுந்திருந்தால் அந்தப் பகுதியை நாம் மறுக்க முடியாது.

அடுத்தது, எச்சரிக்கை. 2016 அக்டோபரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பிறப்பித்த உத்தரவின்படி, பயன்பாடு 50, 90, 100 சதவீதத்தைத் தொடும்போது வாடிக்கையாளருக்குத் தகவல் அனுப்ப வேண்டும். அளவு தீர்ந்த பிறகும் வேகத்தை 512 கேபிபிஎஸ்ஸுக்குக் கீழே இறக்கக் கூடாது. ஆகவே அளவு தாண்டினால் வேகம் குறைவது மட்டும்தான் உங்கள் திட்டத்தின் நிபந்தனை என்றால், பணம் பிடிக்க அவர்களுக்கு வழியில்லை. நீங்கள் கையெழுத்திட்ட விண்ணப்பத்திலோ செயலியிலோ தானியங்கி டாப்-அப்புக்குச் சம்மதித்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். சம்மதம் இருந்தால் நம் வாதம் அமர்வுக் கணக்கோடும் எச்சரிக்கை வராததோடும் நின்றுவிடும். இல்லையென்றால், கேட்காததை விற்றுப் பணம் வசூலித்தது நியாயமற்ற வணிக முறை என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் தைரியமாக வாதிடலாம்.

புகார் மையத்தில் பதிவு செய்து, புகார் எண்ணை வாங்குங்கள். தகராறு இல்லாத மாதத் தொகையைக் கெடுவுக்குள் கட்டி, 283.20 ரூபாயை மறுப்பதாகத் தனியே எழுதிவிடுங்கள்; முழு பில்லையும் நிறுத்தி வைத்தால் இணைப்பைத் துண்டிக்க அவர்களுக்குக் காரணம் கிடைத்துவிடும். பதில் திருப்தியில்லையென்றால் 30 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் செல்லுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது. டிராய் தனிநபர் புகார்களை விசாரிப்பதில்லை என்பதால் அங்கே எழுதி நாளை வீணாக்க வேண்டாம்.

மேல்முறையீட்டிலும் தீராவிட்டால் பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. வழக்கு வேறு ஊர் நீதிமன்றத்தில்தான் என்று ஒப்பந்தத்தில் அச்சிட்டிருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யச் சட்டத்தின் 34ஆம் பிரிவு உரிமை தருகிறது. தொலைத்தொடர்புத் தகராறுகளை நுகர்வோர் ஆணையங்கள் விசாரிக்கலாம் என்பதை 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்துவிட்டது. கால வரம்பு 2 ஆண்டுகள். கொடுத்த கட்டணம் 5 லட்ச ரூபாய் வரையுள்ள வழக்குகளுக்குத் தாக்கல் கட்டணம் இல்லை. நாள்வாரிப் பதிவைத் தர மறுத்தால், அதை ஆஜர்படுத்த உத்தரவிடும்படி அங்கே தனி மனு போடலாம்.

இதற்கிடையே ஒவ்வொரு மாதமும் 4ஆம் தேதி இரவு 12 மணிக்குச் சற்று முன் மோடத்தை ஒரு முறை அணைத்துப் போடுங்கள். அமர்வு அங்கேயே முடிந்து, மறுநாளிலிருந்து புதிய கணக்கு தொடங்கும்.