துருசைத் திறந்தவருக்குத் தலைவர் தண்டம் போடலாமா?

கேள்வி: முல்லைத்தீவுப் பக்கம் ஒரு மீள்குடியேறிய ஊரில் கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவராக இருக்கிறன் ஐயா. எங்கட சின்னக்குளத்துத் தண்ணிக்கு வயல்காரருக்கும் மாட்டுக்காரருக்கும் இழுபறி. இரண்டு பகுதியையும் கூப்பிட்டு வைச்சுப் பேசி, கடதாசி எழுதி எல்லாரிட்டயும் கையெழுத்து வாங்கினன். மீறினா பத்தாயிரம் ரூபாய் தண்டம் எண்டும் போட்டன். போன கிழமை இராவோடிராவா ஒருத்தர் துருசைத் திறந்திட்டார். தண்டத்தை அறவிடலாமோ? அந்தக் கடதாசி கோட்டில செல்லுமோ?

பதில்: தண்டத்தை அறவிட முடியாது. கடதாசியைக் கிழித்துப்போடவும் வேண்டாம்.

தண்டம் விதிக்கிற அதிகாரம் சங்கத் தலைவருக்குச் சட்டத்தில் எங்கும் தரப்படவில்லை. ஊர்ப் பெரியவர்கள் இப்படி நினைப்பது பழைய கிராமக்கோட்டு நினைவில்தான். அந்தக் கோடுகள் 1970களிலேயே ஒழிந்துவிட்டன. அவரை வற்புறுத்திப் பணம் வாங்கினீர்களென்றால் பொலிசில் உங்கள் மேல்தான் முறைப்பாடு விழும்.

கடதாசியின் கதை வேறு. அதை விளக்க, எனக்குத் தெரிந்த இன்னொரு தலைவியைப் பற்றிச் சொல்கிறேன். மீள்குடியேற்றத்துக்குப் பிறகு வவுனியா வடக்கில் ஒரு ஊரில் சங்கத் தலைவியாக இருந்தவர். அவருக்கும் உங்களுக்கு வந்த அதே வழக்குத்தான் வந்தது. குளத்தின் கீழ் 30 ஏக்கர் வயல். சிறுபோகத்துக்கு 15 ஏக்கருக்குத்தான் தண்ணீர் காணும். வயல்காரர் முழுதையும் விதைக்க வேண்டுமென்று நின்றார்கள். மாட்டுக்காரர், ஆவணி வரை மாடு குடிக்கத் தண்ணீர் நிற்க வேண்டுமென்று நின்றார்கள்.

அவர் முதலில் ஆட்களைக் கூப்பிடவில்லை, கமநல சேவை நிலையத்துக்குப் போனார். குளம் அவர்களின் பதிவேட்டில் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. 80 ஹெக்டேயருக்குள் வயல் பாய்கிற சிறுகுளங்கள் பெரும்பாலும் கமநலத் திணைக்களத்தின் கீழ்தான் வரும். அப்படியான குளத்தில் எத்தனை ஏக்கர் விதைப்பது, எப்போது துருசு திறப்பது என்பதைத் தீர்மானிப்பது போகக் கூட்டம். சங்கமோ தலைவரோ அல்ல. இது விளங்கியதும் அவர் தன் பேச்சுவார்த்தைக்கு ஒரு எல்லை போட்டுக்கொண்டார்: நாங்கள் பேசி ஒத்துக்கொள்வதைக் கூட்டத்தில் வைப்போம், கூட்டக் குறிப்பில் ஏறட்டும்.

பிறகுதான் ஆட்களைக் கூப்பிட்டார், அதுவும் குளக்கட்டுக்கு. துருசுத் தூணில் சிவப்பு மையால் ஒரு கோடு இழுக்கச் செய்தார். தண்ணீர் அந்தக் கோட்டுக்கு இறங்கினால் துருசு மூடப்படும், மிச்சம் மாட்டுக்கு. விதைப்பு துருசுக்குக் கிட்டவாக உள்ள 15 ஏக்கரில் மட்டும், அதையும் எல்லா வயல்காரருக்கும் பங்கு போடுவதென்று முடிவானது. இரண்டு ஏக்கர்க்காரருக்கு ஒரு ஏக்கர், நாலு ஏக்கர்க்காரருக்கு இரண்டு ஏக்கர். தூர வயல்காரர் கிட்ட வயலில் விதைக்கலாம், ஆனால் அறுவடையோடு விட்டுக்கொடுக்க வேண்டும். ‘இந்தச் சிறுபோகத்துக்கு மட்டும்’ என்று அவர் தலைப்பிலேயே எழுதினார். அந்தச் சொற்களுக்காகவே அவரை நான் மெச்சுவேன். அது இல்லாமல் இருந்தால், அடுத்த வருசம் ‘இந்த வயலை எனக்குத் தந்தது நீங்கள்தானே’ என்று யாராவது வந்து நின்றிருப்பார்கள்.

ஒரு இடத்தில் மட்டும் அவர் சறுக்கப் பார்த்தார். மாடுகள் குளத்துக்கு இறங்கும் பாதை ஒருவரின் உறுதிக் காணிக்குள்ளால் போகிறது. அவரும் நல்ல மனிதர், ‘பத்தடி விடுறன்’ என்றார். தலைவி அதையும் அதே கடதாசியில் எழுதி அவரின் கையெழுத்தை வாங்க இருந்தார். அப்போதுதான் என்னிடம் காட்டினார். காணியில் நிரந்தர வழியுரிமையோ நீருரிமையோ கொடுப்பதென்றால், நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு உறுதி முடிக்க வேண்டும். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடைக் கட்டளைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஊர்க் கடதாசியில் எழுதினால் அது வெறும் அனுமதிதான், மனம் மாறினால் வேலி போட்டுவிடலாம். பெர்மிட் காணியாக இருந்திருந்தால் இன்னும் சிக்கல், பிரதேச செயலகத்தின் சம்மதம் வேண்டியிருக்கும். பாதையைத் தனியாக உறுதியாக்கினார்கள். இரண்டு வருசம் கழித்து அந்தக் காணி மகளுக்குச் சீதனமாகப் போய், மருமகன் வேலி போட வந்தபோது, உறுதியின் நிழற்படப் பிரதியைக் காட்டியதுமே மனுசன் கட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

இனி உங்கள் விசயத்துக்கு வருவோம். உங்கள் கடதாசி தண்ணீர் எப்படிப் பாவிக்கப்பட்டது என்பதற்கு ஒரு சான்று, அவ்வளவுதான். ஆனாலும் அது பெரிய சான்று. துருசைத் திறந்தவரின் கையெழுத்தும் அதில் இருக்கிறதல்லவா? ‘எனக்குத் தெரியாது’ என்று அவர் சொல்ல முடியாது.

குளம் கமநலப் பதிவேட்டில் இருந்தால், கடதாசியின் பிரதியோடு எழுத்தில் முறைப்பாட்டைக் கமநல நிலையத்துக்குக் கொடுங்கள், கமக்கார அமைப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். துருசு அரச சொத்து, அதைத் திறந்தவர் பற்றி அவர்களே பார்க்க வேண்டும். அடிதடி வரும்போல் இருந்தால் பொலிசுக்குச் சொல்லுங்கள். 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடபடிமுறைச் சட்டத்தின் 66 ஆம் பிரிவில் அவர்கள் நீதிமன்றத்துக்கு அறிவிக்கலாம். அவர்கள் அசையாவிட்டால் பாதிக்கப்பட்டவரே சத்தியக்கடதாசியோடு போகலாம். நீருரிமைத் தகராறு 69 ஆம் பிரிவுக்குள் வரும். விசாரணைக்கு முன்னர் நீதிமன்றம் இரு பகுதியையும் இணங்க வைக்கப் பார்க்கும், அந்த நேரத்தில்தான் உங்கள் கடதாசி உதவும். வருகிற கட்டளை தற்காலிகமானது. உரிமை யாருக்கென்பதை மாவட்ட நீதிமன்றம்தான் முடிவாகச் சொல்லும்.

தண்ணீர் அரச குளத்துக்குரியதல்ல, தனியார் காணிக் கேணி என்றால், மாவட்ட நீதிமன்றத்துக்கு முன் மத்தியஸ்த சபைக்குப் போகச் சொல்லுங்கள். அங்கே சட்டத்தரணி பேச முடியாது, எனக்கும் அங்கே வேலையில்லை. நீங்களும் நடுவராக உட்கார வேண்டாம். நீங்கள் ஏற்கெனவே எழுதியவர், சாட்சியாக இருப்பதே பொருத்தம்.

ஒன்றை மட்டும் உடனே செய்யுங்கள். துருசுத் தூணில் இன்றைய தண்ணீர் மட்டம் எங்கே நிற்கிறதென்று, பக்கத்தில் அடிமட்டம் வைத்துப் படமெடுங்கள். எடுக்கும்போது கிராம அலுவலரையும், திறந்தவரின் பகுதியிலிருந்து ஒருவரையும் கூட நிறுத்துங்கள்.