தம்ப்நெயிலில் காட்டியதை முதல் 30 நொடிக்குள் கையில் கொடுங்கள்

கேள்வி: யூடியூபில் சமையல் சேனல் வைத்திருக்கிறேன். செய்து பார்த்தவர்கள் ரெசிபி நன்றாக வந்தது என்கிறார்கள். ஆனால் கிளிக் குறைவு, வருகிறவர்களும் அரை நிமிடத்தில் போய்விடுகிறார்கள். தம்ப்நெயிலையும் ஆரம்பத்தையும் எப்படி அமைப்பது?

தம்ப்நெயில் ஒரு வேலை, ஆரம்பம் இன்னொரு வேலை என்று பிரித்துப் பார்க்காதீர்கள். தம்ப்நெயிலைத் தொடும்போதே ஒருவர் மனதில் ஒரு எதிர்பார்ப்பு வந்துவிடுகிறது. உள்ளே வந்ததும் அவர் கண் தேடுவது அதை மட்டும்தான். நான் இதைப் புரிந்துகொண்டது ஒரு உருளைக்கிழங்கு வறுவல் வீடியோவில். அதையே சொல்கிறேன்.

தலைப்பு, ஆறினாலும் மொறுமொறுப்பு போகாத உருளைக்கிழங்கு வறுவல். முதலில் வைத்த தம்ப்நெயிலில் ஒரு தட்டு நிறைய வறுவல், மேலிருந்து எடுத்த படம், பக்கத்தில் சாஸ் கிண்ணம், ஓரத்தில் என் முகம், கீழே தலைப்பு முழுவதும் எழுத்தாக. கணினியில் அழகாகத்தான் இருந்தது. போனில் அது கட்டைவிரல் அளவுக்குச் சுருங்கியபோது பழுப்பு நிறத்தில் ஒரு குவியல், அவ்வளவுதான். சிடிஆர், அதாவது தம்ப்நெயிலைப் பார்த்தவர்களில் கிளிக் செய்தவர்களின் பங்கு, 2.8 சதவீதத்தில் நின்றது.

மாற்றிய படத்தில் ஒரே ஒரு துண்டு. இரண்டு விரலால் பிடித்துப் பாதியாக உடைத்த நிலையில், கேமராவைத் துண்டின் மட்டத்துக்கே இறக்கி எடுத்தேன். மேல்தோல் பொன்னிறம், உடைந்த இடத்தில் மாவாக வெந்த வெள்ளை. மொறுமொறுப்பைப் படத்தில் காட்ட எனக்குத் தெரிந்து வேறு வழியில்லை. முழுத் துண்டு எவ்வளவு பளபளத்தாலும் உள்ளே எப்படி இருக்கிறது என்று சொல்லாது. பின்னால் அடர் நீலத் துணி விரித்தேன். பொரித்த பண்டங்கள் எல்லாமே பழுப்பும் மஞ்சளும்தான். அவற்றை மரப்பலகை மேலோ இரும்புச் சட்டியிலோ வைத்தால் பின்னணியோடு கரைந்துவிடும். வெளிச்சம் ஜன்னலிலிருந்து, பக்கவாட்டில் கொஞ்சம் பின்னாலிருந்து விழும்படி வைத்தேன். அப்போதுதான் மேல்தோலின் சொரசொரப்புக்கு நிழல் விழும். கேமராவுக்குப் பின்னாலிருந்து லைட் அடித்தால் அது தட்டையாகிவிடும். ஜன்னல் வெளிச்சம் இருக்கும்போது சமையலறை விளக்கை அணைத்துவிடுங்கள். இரண்டு வெளிச்சமும் கலந்தால் உணவின் ஒரு பக்கம் பச்சையோ நீலமோ அடிக்கும், எடிட்டிங்கில் சரி செய்வது பெரும்பாடு.

எழுத்து ஒரே ஒரு சொல், "ஆறினாலும்". மீதியைத் தலைப்பு சொல்லிவிடுகிறது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்தான் தெரியும் என்பதால் ஒன்றையே இரண்டு தடவை எழுத வேண்டியதில்லை. வலது கீழ் மூலையில் மட்டும் எதையும் வைக்காதீர்கள், வீடியோவின் நேரம் அங்கேதான் வந்து உட்காரும்.

சிடிஆர் 5-க்கு மேல் ஏறியது. ஆனால் யூடியூப் ஸ்டுடியோவில், எந்த நொடியில் எத்தனை பேர் இன்னும் பார்க்கிறார்கள் என்று காட்டும் ரிடென்ஷன் வரைபடத்தைத் திறந்தால் 0:30-ல் இன்னும் 40 சதவீதம் பேர்கூட இல்லை. கூட்டம் அதிகமாக வந்தது, அதே வேகத்தில் வெளியே போனது. காரணம் தேட வேண்டிய அவசியமே இல்லை. தம்ப்நெயிலில் உடைந்த துண்டைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தவருக்கு நான் காட்டியது 6 நொடி லோகோ, அப்புறம் வணக்கம், சப்ஸ்கிரைப் செய்யுங்கள், அப்புறம் மேஜை மேல் வரிசையாகத் தேவையான பொருட்கள். அந்தத் துண்டு மறுபடி கண்ணில் பட்டது கடைசி நிமிடத்தில்.

ஏற்றிய வீடியோவின் முன்பகுதியை ஸ்டுடியோ எடிட்டரிலேயே வெட்டலாம், லிங்க்கும் வியூஸும் அப்படியே இருக்கும். லோகோவையும் வணக்கத்தையும் வெட்டினேன், ஓரளவு உதவியது. முழுப் பலன் வந்தது, கொஞ்ச நாள் கழித்து அதே பண்டத்தை அடுப்பில் செய்யாமல் ஓவனில் செய்து புதிதாக எடுத்தபோதுதான். அந்த வீடியோவின் ஆரம்பத்தை இப்படி வைத்தேன்.

முதல் 3 நொடி, தம்ப்நெயிலில் இருந்த அதே துண்டு, அதே நீலத் துணி, அதே கோணம். இப்போது அது உடைகிறது. பின்னணி இசை கிடையாது. மைக்கைப் பக்கத்தில் வைத்துப் பதிவு செய்த அந்த "மொறுக்" சத்தம் மட்டும். சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறோம் என்று பார்ப்பவருக்கு உடனே தெரிய வேண்டும். அடுத்து, துண்டு கையில் இருக்கும்போதே ஒரு வரி: "இதை வெளியே எடுத்து 40 நிமிஷம் ஆச்சு." 10-வது நொடியில் காரணம்: "வறுவல் நமத்துப் போவது எண்ணெயால் இல்லை. உள்ளே இருக்கிற ஈரம் ஆவியாக வெளியே வந்து மேல்தோலை ஊற வைக்கிறது. அந்த ஈரத்தை இரண்டு இடத்தில் வெளியேற்றப் போகிறோம். இரண்டாவது இடத்தைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்." இதைச் சொல்லி முடிப்பதற்குள் கத்தி உருளைக்கிழங்கின் மேல் இருக்கிறது. பொருட்களின் அளவு, அது அது பாத்திரத்தில் விழும்போது திரையில் எழுத்தாக வருகிறது, தனி வரிசை கிடையாது.

0:30-ல் 61 சதவீதம் பேர் இருந்தார்கள்.

முடிவை முதலிலேயே காட்டிவிட்டால் யார் பார்ப்பார்கள் என்ற பயம் எனக்கும் இருந்தது. சமையல் வீடியோவுக்கு அது பொருந்தாது. சமைக்கப் போகிறவருக்கு முடிவு ரகசியமாக இருக்க வேண்டியதில்லை. நன்றாக வரும் என்று தெரிந்தால்தான் அவர் நேரம் ஒதுக்குவார். அவரை உட்கார வைப்பது "எப்படி வந்தது" என்ற கேள்வி. ஆகவே முடிவைக் காட்டுங்கள், காரணத்தில் பாதியைச் சொல்லுங்கள், செய்முறையை உரிய இடத்துக்கு விட்டுவையுங்கள். அந்த இரண்டாவது இடம், வேகவைத்து வடித்த துண்டுகளைத் தட்டில் பரப்பி ஆவி அடங்கும்வரை காயவிடுவது. வீடியோவில் அது நாலாவது நிமிடத்தில் வருகிறது. வரைபடத்தில் அங்கே ஒரு சின்ன மேடு தெரியும், பலர் பின்னால் தள்ளித் திரும்பப் பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

உங்கள் சேனலில் எது கோளாறு என்று பார்க்க இரண்டு எண்களையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். சிடிஆர் குறைவு, 0:30-ல் ஆட்கள் இருக்கிறார்கள் என்றால் படத்தை மட்டும் மாற்றினால் போதும். சிடிஆர் நன்றாக இருந்து 0:30-ல் சரிந்தால் படமும் ஆரம்பமும் வேறு வேறு விஷயம் பேசுகின்றன. பாதிச் சேனல்களுக்கு சிடிஆர் 2-லிருந்து 10 சதவீதத்துக்குள் இருக்கும் என்று யூடியூபே சொல்கிறது. அதனால் அடுத்தவர் எண்ணோடு ஒப்பிடாதீர்கள், உங்கள் பழைய வீடியோக்களோடு ஒப்பிடுங்கள். இன்னொன்று, வீடியோ சப்ஸ்கிரைபர்களைத் தாண்டிப் புதியவர்களுக்குப் போகும்போது சிடிஆர் இறங்குவது வழக்கம். இம்ப்ரெஷன், அதாவது தம்ப்நெயில் காட்டப்படும் எண்ணிக்கை, ஏறும்போது சிடிஆர் இறங்கினால் பதறிப்போய்ப் படத்தை மாற்ற வேண்டாம்.

ஒரே வீடியோவுக்கு 3 தம்ப்நெயில் வரை போட்டுச் சோதிக்கும் வசதி ஸ்டுடியோவில் இருக்கிறது. அது வெற்றியைத் தீர்மானிப்பது கிளிக்கை வைத்து அல்ல, எந்தப் படம் அதிகப் பார்வை நேரம் கொண்டுவந்தது என்பதை வைத்து. வீடியோவில் இல்லாத சீஸ் இழுவையைப் படத்தில் ஒட்டினால் இங்கே தோற்கும். சோதிக்கும்போது எழுத்து நிறத்தை மட்டும் மாற்றிப் பயனில்லை. உடைந்த துண்டு ஒன்று, சட்டியில் பொரியும் நிலை ஒன்று, தட்டு நிறைய ஒன்று என்று மூன்றும் வேறாக இருக்கட்டும். அந்த மூன்று படங்களையும் சமைக்கும் அன்றே, வீடியோ ஷாட் முடிந்த கையோடு எடுத்துவிடுங்கள். வீடியோவிலிருந்து ஃப்ரேம் எடுத்தால் உடையும் நொடியில் விரல் அசைந்து மங்கலாகத்தான் கிடைக்கும். நான் இதற்காகவே ஏழெட்டுத் துண்டுகளைத் தனியாக எடுத்து வைத்துவிடுகிறேன், நாலைந்தை உடைத்தால்தான் ஒன்று சரியாகப் பிளக்கிறது.